ஹார்ட் அட்டாக்குக்குப் பிறகு கொல்சிசின்: இப்பவே தொடங்குறதா, பொறுத்துப் பாக்கிறதா, வேண்டாமெண்டு விடுறதா?

களுவாஞ்சிகுடிப் பக்கம் பாமசியில கன வருசமா நிக்கிறன். இந்த ரெண்டு வருசமா ஒரே கேள்வியத்தான் ஆக்கள் திருப்பித் திருப்பிக் கேக்கிறாங்க. அப்பாக்கு அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சாச்சி, கனடாவில இரிக்கிற தம்பி வாட்ஸப்ல ஒரு வீடியோ அனுப்பியிருக்கான், கௌட் எண்ட மூட்டு வீக்க நோய்க்குக் குடுக்கிற கொல்சிசின் ஹார்ட்டுக்கும் நல்லமாம், ஒரு கார்ட் தாங்க எண்டு கேட்டு வாறாங்க. சிலபேர் நேர மற்றப்பக்கம், டொக்டர் எழுதிக் குடுத்த துண்டோட வந்து, இது கால் வீக்க மருந்தெல்லோ, பிழையா எழுதிட்டாரோ எண்டு பயப்படுறாங்க. ரெண்டு பகுதிக்கும் சேத்துத்தான் இத எழுதுறன். வாசிச்சிட்டு நேர கிளினிக் டொக்டரிட்ட போய்க் கதைங்க, துண்டு இல்லாம இந்தக் குளிசைய நான் குடுக்கமாட்டன், ஏனெண்டு கீழ விளங்கும்.

முதல்ல, கொழுப்புக்கும் கௌட்டுக்கும் என்ன சம்பந்தம்?

காட்டுத்தேன் வாங்கி வெச்சா சில மாசத்தில போத்தல் அடியில சீனி மாதிரிக் கட்டிப் போயிரிக்கும், பாத்திருப்பீங்க. தேன் கெட்டுப்போகல்ல, கரைஞ்சி நிக்கிற அளவ விட சீனி கூடிப்போச்சி, மிச்சம் பளிங்காப் படியுது. ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ளயும் கிட்டத்தட்ட இதுதான் நடக்குது. எல்டிஎல் கொழுப்பு சுவருக்குள்ள போகுது, மக்ரோபேஜ் எண்ட தின்னிக் கலங்கள் அத விழுங்குது, விழுங்கினத ஒரு அளவுக்குத் துளியா மாத்தி உள்ளுக்க வெச்சிரிக்கும், அந்த அளவும் மிஞ்சினா கொலஸ்ட்ரோல் ஊசி ஊசியாப் பளிங்காகுது. கொலஸ்ட்ரோல் பளிங்காகேக்க இடமும் கூடப் பிடிக்கும், அதால அந்த ஊசிமுனைகள் படிவுக்கு மேல இரிக்கிற மெல்லிய மூடியக் குத்திக் கிழிக்கவும் ஏலும்.

இத கன காலமா ஒருத்தரும் பெரிசா எடுக்கல்ல, அதுக்கு ஒரு காரணம் இரிக்கு. லேப்ல படிவ வெட்டி மைக்ரஸ்கோப்புக்குத் தயார் பண்ணேக்க அல்கஹோல்ல ஊற வைப்பாங்க, அல்கஹோல் பளிங்கக் கரைச்சிடும். அதால பாக்கிற ஆளுக்கு வெறும் கீறல் மாதிரி வெத்திடம் மட்டும்தான் தெரியும். அல்கஹோல் படாமக் காயவெச்சிப் பாத்த பிறகுதான் ஊசி ஊசியாக் கிடந்தது கண்ணுக்குத் தெரிஞ்சது.

2010ல வந்த ஆராய்ச்சி ஒண்டு இன்னும் ஒரு படி போனது. பளிங்க விழுங்கின மக்ரோபேஜுக்கு அத செரிக்க ஏலாது, செரிக்கிற பை கிழிஞ்சி உள்ளுக்க இரிந்ததெல்லாம் கசியுது, அந்தக் கசிவக் கண்டு என்எல்ஆர்பி3 எண்ட அபாயமணி அடிக்குது, இன்டர்லூகின் 1 பீட்டா எண்ட தீமூட்டிப் பொருள் வெளிய வருது. அதத் தொடந்து ஈரல் சிஆர்பி எண்ட அழற்சிப் புரதத்த உற்பத்தியாக்குது, ரத்தத்தில நாம அளக்கிறது அதத்தான். எலியில இந்த மணிய எடுத்துவிட்டா படிவும் குறைஞ்சது. இப்ப கௌட்ட நினைச்சிப் பாருங்க. மூட்டுக்குள்ள யூரிக் அசிட் பளிங்கு, அதுவும் இதே மணியத்தான் அடிக்குது எண்டு 2006லயே கண்டுபிடிச்சிட்டாங்க. பளிங்கு வேற, இடம் வேற, மணி ஒண்டு. அப்ப கௌட்டில அந்தத் தீய அடக்குற பழைய மருந்து ரத்தக்குழாய்க்குள்ளயும் அடக்குமோ எண்ட கேள்வி இயல்பா வந்திச்சி.

கொல்சிசின் செய்யிற வேலை இதுதான்: கலத்துக்குள்ள சாமான் ஏத்தி இறக்கிற தண்டவாளம் மாதிரி டியூபியூலின் எண்ட புரதத்தால கட்டின நுண்குழாய்கள் இரிக்கு, கொல்சிசின் அந்தத் தண்டவாளத்தக் கட்ட விடாது. தண்டவாளம் இல்லாட்டி மணியின்ர பாகங்கள் ஒண்டு சேர முடியாது, நியூட்ரோபில் எண்ட வெள்ளைக் கலங்கள் தீ எரியிற இடத்துக்கு ஓடிப் போகவும் ஏலாது. ஒண்ட மட்டும் நல்லா மனசில வெச்சிரிங்க: கொல்சிசின் பளிங்கக் கரைக்காது, கொலஸ்ட்ரோலையும் குறைக்காது. விறகு அப்படியே கிடக்கும், தீயத்தான் அடக்குது. விறகக் குறைக்கிறது ஸ்டாடின்.

எத வெச்சி முடிவெடுக்கிறது?

நான் நாலு விசயம் பாப்பன். ஒண்டு, மருந்து உண்மையா எதக் குறைக்குது, எத்தின பேருக்கு. ரெண்டு, இந்த ஆளின்ர கிட்னி எப்பிடி. மூண்டு, இவர் ஏற்கனவே என்ன மருந்து குடிக்கிறார், இனி எது குடிக்க வரும். நாலு, விறகு குறைஞ்சிட்டா, அதாவது ஸ்டாடின் ஒழுங்காப் போகுதா. நாலாவதத்தான் எல்லாரும் மறக்கிறாங்க, எனக்கு அதுதான் முதலாவது.

தெரிவு 1: அட்டாக் வந்த கையோட கொல்சிசின் தொடங்குறது

இதுக்கு ஆதரவாப் பேசுற பெரிய ஆராய்ச்சி 2019ல வந்த கொல்கொட். மொன்றியல்ல இருந்து நடத்தினது, 4745 பேர், எல்லாரும் அட்டாக் வந்து 30 நாளைக்குள்ள. பாதிப்பேருக்கு ஒரு நாளைக்கு 0.5 மில்லிகிராம் கொல்சிசின், மற்றவங்களுக்கு வெறும் குளிசை, எல்லாருக்கும் வழமையான மருந்துகள். கிட்டத்தட்ட 2 வருசத்தில இதய மரணம், திரும்ப அட்டாக், ஸ்ட்ரோக், இதயம் நிண்டு காப்பாத்தினது, அவசரமா நெஞ்சுவலிக்கு ஏத்தி ஸ்டென்ட் வெச்சது, இதுகளில ஏதாச்சும் ஒண்டு நடந்தது வெறும் குளிசைக்காரரில 7.1 சதவீதம், கொல்சிசின்காரரில 5.5 சதவீதம். ஆயிரம் பேருக்கு எண்டு பிரிச்சா 71 பேர் 55 ஆகுது, 16 பேர் தப்புறாங்க, மிச்சப்பேர் குடிச்சும் அவங்களுக்கு வித்தியாசம் இல்ல. அதுவும் கூடுதலாக் குறைஞ்சது ஸ்ட்ரோக்கும் நெஞ்சுவலி அட்மிஷனும்தான். திரும்ப அட்டாக் வந்தது பெரிசாக் குறையல்ல, இறந்தவங்க கணக்கிலயும் வித்தியாசம் தெரியல்ல. வீடியோவில இத ஒருத்தரும் சொல்லமாட்டாங்க.

மறுகா 2024 நவம்பர்ல கிளியர் சினெர்ஜி வந்திச்சி, அதுதான் எல்லாத்தையும் மாத்தினது. 14 நாட்டில 7062 பேர், அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்ச உடனேயே தொடங்கினாங்க, நடுவாப் பாத்தா 3 வருசம் பின்தொடந்தாங்க. இதயச் சம்பவம் நடந்தது கொல்சிசின்ல 9.1 சதவீதம், வெறும் குளிசையில 9.3. வித்தியாசம் இல்லெண்டுதான் சொல்லணும். இத்தினைக்கும் சிஆர்பி இறங்கினது, அதாவது மருந்து வேலை செய்தது, ஆனா அட்டாக்கு குறையல்ல. வயித்தால போனது 10.2 சதவீதம், வெறும் குளிசையில 6.6.

ஏன் ரெண்டும் ரெண்டு விதமா வந்ததெண்டு இன்னும் வாதாடுறாங்க. என்ர கருத்து, பெரிய ஆராய்ச்சியில இல்லெண்டு வந்தா சின்னதில வந்த நன்மைய ஒள்ளுப்பம் தள்ளி வெச்சிப் பாக்கணும். 2025ல அமெரிக்க வழிகாட்டியும் அட்டாக்குக்குப் பிறகு கொல்சிசினுக்கு பலவீனமான பரிந்துரைதான் குடுத்தது, குடுக்கிறது பற்றி யோசிக்கலாம் எண்ட அளவுக்கு.

மறைஞ்சி கிடக்கிற செலவு என்னெண்டா, ஸ்டென்ட் வெச்சி வீட்ட வந்த ஆள் ஏற்கனவே அஞ்சாறு குளிசையோட திணறிக்கொண்டு இரிப்பார். அதில ஒண்டு கூடி, அது வயித்தால கொண்டு போனா, எந்தக் குளிசையால எண்டு தெரியாம எல்லாத்தையும் நிப்பாட்டுவார். ரத்தம் கட்டியாகாமக் குடுக்கிற குளொபிடொகிரெல அப்பிடி நிப்பாட்டினா ஸ்டென்ட் அடைச்சிரும். இந்த வழி எப்ப நல்லதெண்டா: கிட்னி நல்லா இரிக்கு, ஏற்கனவே கௌட்டும் இரிக்கு, குளிசை எடுத்துக் குடுக்க வீட்டில ஆள் இரிக்கு, கார்டியோலஜிஸ்ட்டே எழுதுறார்.

தெரிவு 2: மூண்டு மாசம் பொறுத்து, எல்டிஎல்லும் ஹைசென்ஸிடிவ் சிஆர்பியும் பாத்து முடிவெடுக்கிறது

அட்டாக் வந்த நேரம் சிஆர்பி எல்லாருக்கும் ஏறித்தான் இரிக்கும், இதயத்தசை செத்தாலே ஏறும், அதப் பாத்து ஒண்டும் சொல்ல ஏலாது. மூண்டு மாசம் போன பிறகு, காய்ச்சல் தடிமன் இல்லாத ஒரு கிழமையில எடுத்தா அது பேசும். சாதாரண சிஆர்பி எடுத்தா சரிவராது, ஹைசென்ஸிடிவ் எண்டு எழுதிக் கேக்கணும், ஏனெண்டா நாம பாக்கிறது 1, 2, 3 எண்ட சின்ன வித்தியாசம். மட்டக்களப்பில டெங்குக் காலத்தில எடுத்துப்போட்டு 14 எண்டு வந்திச்சி ஐயோ எண்டு ஓடி வந்தவங்க இரிக்கிறாங்க, பல்லுச் சீழுக்கும் அப்பிடி வரும். ஏறியிருந்தா சுகமான பிறகு இன்னொருக்கா எடுங்க.

எல்டிஎல் இறங்கியும் சிஆர்பி 2க்கு மேல நிண்டாத்தான் கொல்சிசினப் பத்தி யோசிக்கிறது, அந்த 2 எண்ட எல்லை சும்மா வந்ததில்ல. 2017ல கன்டோஸ் எண்ட ஆராய்ச்சி, பத்தாயிரத்துக்கு மேல ஆக்கள், எல்லாரும் ஏற்கனவே அட்டாக் வந்து சிஆர்பி 2 அல்லது அதுக்கு மேல இரிந்தவங்க. இன்டர்லூகின் 1 பீட்டாவ நேர பிடிக்கிற ஊசி, மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, கொலஸ்ட்ரோல் ஒண்டும் இறங்கல்ல, ஆனா திரும்ப வாற சம்பவம் 15 சதவீதம் குறைஞ்சது. தீய மட்டும் அடக்கினாலும் பலன் வருமெண்டு அப்பதான் முதல்முதல்ல நிரூபிச்சாங்க. ஆனா உயிர் போற அளவு தொற்றும் அந்த ஊசியில கூடினது, ஹார்ட்டுக்கு அது பாவனைக்கு வரவும் இல்ல. அடுத்த வருசம் மெத்தோட்ரெக்ஸேட் எண்ட இன்னொரு அழற்சி மருந்தப் பாத்தாங்க, பலன் பூச்சியம். தீ எண்டா எல்லாத் தீயும் ஒண்டில்ல, பளிங்கு அடிக்கிற அந்த மணியோட சேர்ந்த வழியப் பிடிக்கணும் எண்டு அதில இருந்து விளங்குது.

இந்தத் தெரிவுக்குப் பலமான ஆதாரம் லோடோகோ2, 2020. 5522 பேர், அட்டாக்கு நடந்தாலும் குறைஞ்சது ஆறு மாசம் அமைதியா இரிந்தவங்க. இதயச் சம்பவம் வெறும் குளிசையில 9.6 சதவீதம், கொல்சிசின்ல 6.8 ஆகினது. ஆனா ஒரு சங்கதி: முதல் ஒரு மாசம் எல்லாருக்கும் கொல்சிசின் குடுத்துப் பாத்து, ஒத்துவராத ஆக்கள விட்டுட்டுத்தான் ஆராய்ச்சியத் தொடங்கினாங்க. அப்ப அந்தப் பலன் வயிறு தாங்கின ஆக்களின்ர பலன். இன்னொண்டு, இதயமில்லாத வேற காரணத்தால இறந்தவங்க கொல்சிசின் பக்கம் ஒள்ளுப்பம் கூட, தற்செயலா இரிக்கலாம், ஆனா கண்ண மூடிக்கொண்டு போக ஏலாது. 2023 ஜூன்ல அமெரிக்காவில இந்த 0.5 மில்லிகிராம் அளவுக்கு இதயத்துக்கெண்டு அனுமதி கிடைச்சது, 2024 ஐரோப்பிய வழிகாட்டியும் நாள்பட்ட ஆக்களுக்கு யோசிக்கச் சொல்லுது.

என்ர விருப்பம் இந்தத் தெரிவுதான். கல்லாற்றில ஒரு மீன்பிடிக்கிற ஆள், 52 வயசு, ரெண்டாம் தரமும் அட்டாக், ஸ்டாடினும் எஸெடிமிப் எண்ட மற்றக் கொழுப்புக் குளிசையும் தவறாமக் குடிச்சி எல்டிஎல் 50க்கு வந்திட்டு, கிட்னி சுத்தம், சிஆர்பி ரெண்டு தரமும் 3.5க்கு மேல. விறகு குறைஞ்சும் தீ எரியிது. அவருக்கு டொக்டர் எழுதினது எனக்கு நியாயமாப் பட்டது. முதல் கிழமை வயித்தால போனது, சாப்பாட்டோட குடிச்சி ரெண்டு கிழமையில நிண்டிட்டு, இப்பவும் குடிக்கிறார்.

தெரிவு 3: கொல்சிசின் இல்லாம, விறகக் குறைக்கிறதோட நிப்பாட்டுறது

இது ஏதோ ஒண்டும் செய்யாம விடுற தெரிவு எண்டு நினைக்காதீங்க. எல்டிஎல்ல 55க்குக் கீழ கொண்டு வாறதும், தொடங்கின அளவில இருந்து பாதிக்கு மேல இறக்கிறதும்தான் ஐரோப்பிய இலக்கு. அட்டாக் வந்த ஆளுக்கு ஸ்டாடின் உயிரக் காப்பாத்துது எண்டது கொல்சிசின் மாதிரி இன்னும் வாதத்தில இரிக்கிற விசயம் இல்ல.

படுவான்கரையில இருந்து வாற ஒரு மாமாவ எடுப்பம். 63 வயசு, வட்டை செய்யிறவர், பெரும்போகம் விதைச்சி முடிச்ச கையோட அட்டாக், ஸ்டென்ட் வெச்சி வந்திட்டார். மகள்தான் வந்தா, கனடாவில இரிக்கிற தம்பி சொன்னானாம், கொல்சிசின் வேணுமாம். நான் கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் கொண்டு வாங்க மகள் எண்டு அனுப்பினன்.

அடுத்த நாள் மாமாவும் வந்தார். கொப்பியில கிரியட்டினின் 1.7. அவர் வயசுக்குக் கணக்குப் போட்டா கிட்னி வேலை 45 அளவுதான், லோடோகோ2ல 50க்குக் கீழ இரிந்தா ஆளச் சேக்கவே இல்ல, அப்ப அந்த 6.8 கணக்கு மாமாக்குப் பேசாது. கொல்சிசினில ஒரு பகுதிய கிட்னிதான் கழிக்குது, கழிக்காட்டி உடம்பில ஏறும், ஸ்டாடினும் சேந்தா தசை நோவும், தொடை சோர்ந்து கதிரையால எழும்ப ஏலாமப் போகும்.

மறுகா பையக் கவிட்டு மேசையில கொட்டி எண்ணினம். எல்டிஎல் 118 எண்டு கொப்பியில, அட்டாக்குக்குப் பிறகு ஆறாவது கிழமை. அட்டோவஸ்டாடின் 40 குடிக்கிற ஆளுக்கு அது கூட. கிளினிக்கில குடுத்தது 20 மில்லிகிராம் குளிசை, உறையில இரவு 2 எண்டு எழுதியிரிக்கு. ஒரு மாசத்துக்கு 60, அண்டைக்கு 28 நாள் முடிஞ்சிரிக்கு, 4 மிஞ்சியிருக்கணும். எண்ணினா 35. மாமா சொல்றார், "தம்பி, ரெண்டும் ஒரே நிறம், ஒரே குளிசைய ரெண்டு தரம் தந்திட்டாங்கெண்டு நினைச்சி ஒண்ட விட்டன். வட்டையில காவலுக்குப் படுக்கிற இரவில அதுவுமில்ல." 28 நாளில 25 குளிசை, 56 போக வேண்டிய இடத்தில. மகள் ஒண்டும் கதைக்கல்ல, அந்த உறையப் பாத்துக்கொண்டே நிண்டா.

அடுத்த கிளினிக்கில டொக்டரிட்ட இத அப்படியே சொல்லச் சொன்னம். ஒழுங்காக் குடிச்சி ரெண்டு மாசத்தில 74க்கு வந்திச்சி, எஸெடிமிப் 10 சேத்தாங்க, கொல்சிசின் வேண்டாமெண்டும் சொன்னாங்க.

இந்தத் தெரிவின்ர மறை செலவு, சிலபேருக்கு எல்டிஎல் இறங்கியும் தீ எரிஞ்சிக்கொண்டேதான் இரிக்கும், கல்லாற்று ஆள் மாதிரி, அத யாரும் தேடிப் பாக்காம விட்டிடுவாங்க.

பக்கத்தில பக்கத்தில வெச்சிப் பாத்தா

| | உடனே தொடங்குறது | மூண்டு மாசம் பொறுத்து | கொல்சிசின் இல்லாம |
|---|---|---|---|
| ஆதாரம் | கொல்கொட் ஆம், கிளியர் சினெர்ஜி இல்ல | லோடோகோ2, அமைதியான ஆக்களில | எல்டிஎல் இறக்கிறதுக்குப் பலமான ஆதாரம் |
| மறை செலவு | வயித்தால போறது, மற்றக் குளிசையையும் நிப்பாட்டுறது | டெஸ்ட் காசு, பிழையான நேரத்தில எடுத்த சிஆர்பி | மிச்சமா எரியிற தீ தெரியாமப் போறது |
| கிட்னி பழுதெண்டா | கூடாது | பெரும்பாலும் கூடாது | இதுதான் வழி |
| ஆருக்குப் பொருந்தும் | கௌட்டும் சேந்த, கிட்னி நல்ல ஆள் | எல்டிஎல் இறங்கியும் சிஆர்பி 2க்கு மேல நிக்கிற ஆள் | ஸ்டாடின் இன்னும் ஒழுங்காப் போகாத ஆள் |

எந்தத் தெரிவெண்டாலும் பாக்க வேண்டிய ரெண்டு ஆபத்து

ஒண்டு, கிளாரித்ரோமைசின். நெஞ்சுச் சளிக்கு வெளியில காட்டினா லேசா எழுதுற அன்டிபயோட்டிக். இது கொல்சிசின உடம்பால கழிய விடாது, அளவு சும்மா 0.5 குடிச்சாலும் உள்ளுக்க பல மடங்கு ஏறும், கிட்னி பழுதான ஆக்கள் இதால இறந்திரிக்கிறாங்க. போன வருசம் ஒரு அம்மாட துண்டில ரெண்டும் ரெண்டு டொக்டர் எழுதி ஒண்டா வந்திச்சி, ஒருத்தருக்கு மற்றவர் எழுதினது தெரியாது, நான் கோல் எடுத்துக் கேட்டு அசித்ரோமைசினா மாத்தினது. டில்டியசெம், வெரபமில் எண்ட பிரஷர், நெஞ்சுவலி மருந்துகளும், ஃபங்கஸ் குளிசைகளும் இதே மாதிரி. ஆகவே கொல்சிசின் குடிக்கிறவர் கிளினிக் கொப்பியின்ர முன்பக்கத்தில பெரிசா எழுதி ஒட்டி வையுங்க, எந்த டொக்டரிட்ட போனாலும் முதல்ல அதக் காட்டுங்க.

ரெண்டாவது, கார்த்திகைப் பூக் கிழங்கு. கொல்சிசின் அதிலயும் இரிக்கு, அது உண்மைதான், அந்தக் கதையக் கேட்டுட்டுத்தான் ஒருவர் வேலியில கிடக்கிற கிழங்கக் கொஞ்சம் அவிச்சிக் குடிச்சா என்ன எண்டு என்னட்ட கேட்டார். குடிக்காதீங்க, கிழங்குக்குக் கிழங்கு அளவு மாறும், ஒரு துண்டிலயே நூறு குளிசைக்குச் சரியா இரிக்கவும் கூடும். முதல் நாள் வாந்தியும் வயித்தாலையும், பிறகு கொஞ்சம் சுகம் வந்த மாதிரி இரிக்கும், ரெண்டாம் மூண்டாம் நாளில எலும்பு மச்சை, கிட்னி, இதயம் எல்லாம் ஒண்டொண்டா விழும், முறிவு மருந்தெண்டு எங்கட ஆஸ்பத்திரியில எடுத்துக் குடுக்க ஒண்டுமில்ல. சாப்பாட்டுக் கிழங்கெண்டு தவறி அவிச்சும் இலங்கையில ஆக்கள் செத்திரிக்கிறாங்க. தவறி ஆராவது சாப்பிட்டா, ஒண்டும் செய்யல்லையே எண்டு வீட்டில வெச்சிரிக்காம அந்த நேரமே பெரியாஸ்பத்திரிக்கு ஏத்துங்க.

குளிசையாக் குடிக்கிறவங்களுக்கும் அடையாளம் அதேதான்: வயித்தால நிக்காமப் போறது, தொடை தோள் சோர்வு, காரணமில்லாத காய்ச்சல், தொண்டை நோவு, தோலில ஊதாப் புள்ளி. இதில ஒண்டு வந்தாலும் கொல்சிசின அண்டைக்கே நிப்பாட்டிட்டு டொக்டரிட்ட போங்க, ஆனா அஸ்பிரினையும் குளொபிடொகிரெலையும் ஸ்டாடினையும் நீங்களா நிப்பாட்டாதீங்க.

படுவான்கரை மாமா போன கிழமையும் வந்தார். இப்ப மகள் இரவுக் குளிசைய எண்ணி ஒரு சின்ன டப்பாவில போட்டுக் குடுக்கிறாவாம், காவலுக்குப் போறநேரம் அது டோர்ச் லைட்டோட சேத்து ஒரே பையில போகுதாம். மூண்டு மாசம் கழிச்சி எல்டிஎல் திரும்ப எடுக்கக் கிளினிக்கில திகதி குடுத்திரிக்காங்க.